மாதம் 2,467 ரூபாய்தான் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

அவிநாசியிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போய்வர, போன வருஷம் ஒரு வண்டி வாங்கினேன். முன்பணம் போக 80,000 ரூபாய்க்குக் கடன் தேவைப்பட்டது. பேங்கில் 14 சதவீத வட்டி, 24 மாதம், தவணை 3,841 என்றார்கள். ஷோரூமிலேயே உட்கார்ந்திருந்த ஃபைனான்ஸ்காரத் தம்பி, "12 சதவீதம்தானுங்கண்ணா, மாசம் 2,467 கட்டினாப் போதுமுங்க" என்றார். வட்டியும் குறைவு, தவணையும் குறைவு. அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

அது 48 மாதக் கடன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெருக்கிப் பார்க்கவில்லை. 2,467 ரூபாயை 48 முறை கட்டினால் 1,18,416. வட்டி மட்டும் 38,000 ரூபாய்க்கு மேல். பேங்கில் 24 மாதத்துக்கு 92,184. வட்டி சுமார் 12,200. மாதம் 1,374 ரூபாய் குறைகிறது என்று பார்த்து, மொத்தத்தில் 26,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

12 எப்படி 14-ஐ விட அதிகமானது? அவர் சொன்னது ஃபிளாட் வட்டி. நாம் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்தாலும், நாலு வருஷமும் முழு 80,000-க்கே வட்டி போடுவார்கள். பேங்கில் மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி. இரண்டையும் ஒரே அளவில் பார்க்க, போனில் இருக்கும் எக்செல் ஷீட்டில் இதைப் போட்டால் போதும்:

```
=RATE(48,-2467,80000)*12
```

0.2076 என்று வந்தது. அதாவது கிட்டத்தட்ட 21 சதவீதம்!

ஒரு வருஷம் கழித்துக் கடனை முடிக்கலாம் என்று போனபோதுதான் வயிறு எரிந்தது. 29,604 ரூபாய் கட்டியிருந்தேன். அசலில் குறைந்தது வெறும் 14,300. ஆரம்பத் தவணைகளில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுகிறது. நிலுவை 65,700, அதற்கு மேல் முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் வேறு.

2024 அக்டோபர் முதல், கடன் தருபவர்கள் முக்கிய விவர அறிக்கை என்ற தாளைக் கட்டாயம் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நமக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான வருட வட்டி அதில் ஏபிஆர் என்று இருக்கும். நான் கையெழுத்துப் போட்ட தாள்களுக்கு நடுவிலும் அது இருந்தது, நான்தான் புரட்டவில்லை. நீங்கள் கையெழுத்துக்கு முன்னால் அதைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள்.

மாதம் 3,841 கட்ட எல்லாராலும் முடியாது, எனக்கும் கஷ்டம்தான். ஆனால் அதே பேங்கில் 36 மாதத்துக்குக் கேட்டிருந்தால் தவணை 2,734 வந்திருக்கும், மொத்த வட்டி சுமார் 18,400. இப்போது கட்டுவதைவிட மாதம் 267 ரூபாய்தான் அதிகம்.