கசிவுக்குப் பின் அனுப்பும் கடிதம்: இரண்டு வரைவுகளை அருகருகே வைத்து ஓர் அலசல்

ஓர் இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். கடை கற்பனை. ஆனால் அதில் நடக்கும் தவறுகள் எல்லாம் நிஜத்தில் திரும்பத் திரும்ப நடப்பவை. வாடிக்கையாளர் விவரங்கள் அடங்கிய பேக்கப் கோப்பு ஒன்று ஜனவரி 10 அன்று கிளவுட் சேமிப்பில் தவறான ஃபோல்டருக்குப் போய்விட்டது. முகவரி தெரிந்தால் யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்துகொள்ளக்கூடிய ஃபோல்டர் அது. மார்ச் 19 அன்று ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் எழுதிச் சொன்னபோதுதான் கடைக்கே தெரிந்தது. அன்றே மூடிவிட்டார்கள். கோப்பை யார் எடுத்தார்கள் என்று பார்க்க லாக் பதிவுகளைத் திறந்தால், கடைசி 30 நாட்களுக்கு மட்டுமே பதிவு இருந்தது. அதில் இரண்டு டவுன்லோடுகள். ஒன்று அந்த ஆய்வாளருடையது. மார்ச் 2 அன்று நடந்த இன்னொன்று யாருடையது என்று தெரியவில்லை.

கோப்பில் 41,000 பேரின் பெயர், மின்னஞ்சல், போன் எண், டெலிவரி முகவரி, கடைசி ஆர்டர் விவரம், பாஸ்வேர்டை மூல வடிவுக்குத் திருப்ப முடியாத எழுத்துக்கோவையாக மாற்றிய ஹாஷ் ஆகியவை இருந்தன. பணம் கட்டுவது வேறொரு பேமென்ட் கேட்வே வழியாக என்பதால் கார்டு எண்கள் இல்லை.

இப்போது வாடிக்கையாளருக்கு எழுத வேண்டும். மேஜையில் இரண்டு வரைவுகள் இருக்கின்றன. முதலாவது:

> பொருள்: தங்கள் கணக்கு தொடர்பான முக்கிய அறிவிப்பு
>
> தங்கள் தகவல்களின் பாதுகாப்புக்கு நாங்கள் மிகுந்த முக்கியத்துவம் அளிக்கிறோம். எங்கள் அமைப்பின் ஒரு பகுதியில் அங்கீகரிக்கப்படாத அணுகல் நிகழ்ந்திருக்கக்கூடும் என அண்மையில் அறியப்பட்டது. சில வாடிக்கையாளர்களின் குறிப்பிட்ட சில தகவல்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம். கடவுச்சொற்கள் குறியாக்கம் செய்யப்பட்டவை. அவை தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கான ஆதாரம் எதுவும் கண்டறியப்படவில்லை. முன்னெச்சரிக்கையாகத் தங்கள் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளப் பரிந்துரைக்கிறோம். மாற்ற இங்கே சொடுக்கவும்.

இரண்டாவது:

> பொருள்: உங்கள் பாஸ்வேர்டு வெளியே போயிருக்கிறது. அதையே வேறு இடத்திலும் வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்
>
> 2017-இல் எங்கள் கடையில் நீங்கள் ஒரு கணக்கு தொடங்கினீர்கள். உங்கள் பெயர், மின்னஞ்சல், போன் எண், டெலிவரி முகவரி, கடைசி ஆர்டர், பாஸ்வேர்டு ஆகிய விவரங்கள் இருந்த கோப்பை நாங்கள் ஜனவரி 10 முதல் மார்ச் 19 வரை பூட்டாமல் விட்டுவிட்டோம். மார்ச் 2 அன்று எங்களுக்குத் தெரியாத ஒருவர் அதை எடுத்திருக்கிறார். பிப்ரவரி 17-க்கு முந்தைய பதிவுகள் எங்களிடம் இல்லை. அதனால் அதற்கு முன் வேறு யாரும் எடுத்தார்களா என்று சொல்ல முடியாது. கார்டு எண்கள் அந்தக் கோப்பில் இல்லை.
>
> உங்கள் பாஸ்வேர்டு பழைய, பலவீனமான முறையில் சேமிக்கப்பட்டிருந்தது. அதை எடுத்தவரால் கண்டுபிடித்துவிட முடியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தளத்தில் அதை ரத்து செய்துவிட்டோம். அதே பாஸ்வேர்டை வேறு எங்கு வைத்திருந்தாலும் மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல் கணக்கில் மாற்றுங்கள்.
>
> உங்கள் முகவரியையும் ஆர்டரையும் சரியாகச் சொல்லி யாராவது போன் செய்யலாம். அவர் எங்கள் ஆள் என்பதற்கு அது அடையாளமல்ல. நாங்கள் போனில் ஓடிபியோ பாஸ்வேர்டோ கேட்க மாட்டோம்.
>
> இந்தக் கடிதத்தில் லிங்க் எதுவும் இல்லை. எங்கள் தள முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே வாருங்கள். அங்கே புதிய பாஸ்வேர்டு கேட்கும்.

முதல் வரைவில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு வாக்கியமும் இல்லை என்றுதான் அதை எழுதியவர் வாதாடுவார். சிக்கல் வினைச்சொற்களில் இருக்கிறது. ‘நிகழ்ந்திருக்கக்கூடும்’, ‘அறியப்பட்டது’, ‘பாதிக்கப்பட்டிருக்கலாம்’. செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிக்கத் தமிழ் நிறைய வசதி தருகிறது. அந்த வசதி முழுவதும் இங்கே பயன்பட்டிருக்கிறது. கோப்பைப் பூட்டாமல் விட்டது கடை. ஆனால் வாசிப்பவர் மனதில் எவரோ உடைத்துக்கொண்டு உள்ளே வந்த சித்திரம்தான் எழும். ‘சில வாடிக்கையாளர்கள்’ இன்னும் மோசம். கடிதம் பெறும் 41,000 பேரும் அந்தக் கோப்பில் இருப்பவர்கள்தான். ஆனாலும் ஒவ்வொருவரும் ‘அதில் நான் இருக்கிறேனா?’ என்று யோசித்துவிட்டு, பெரும்பாலும் இல்லை என்று முடிவெடுத்து மூடிவிடுவார். ‘உங்கள்’ என்று எழுதியிருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காது.

‘ஆதாரம் கண்டறியப்படவில்லை’ என்பதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கோப்பு 68 நாட்கள் திறந்து கிடந்தது. பார்க்க முடிந்தது 30 நாட்களை மட்டும். பார்க்க முடியாத நாட்களையும் சேர்த்து ‘எதுவும் இல்லை’ என்று சொன்னால், பதிவு வைக்காத குறை வாடிக்கையாளருக்கு ஆறுதலாக மாறிவிடுகிறது. எதைப் பார்த்தோம், எதைப் பார்க்க முடியவில்லை என்று இரண்டாவது வரைவு தேதியோடு பிரித்துச் சொல்கிறது. வாசிக்கச் சங்கடமாக இருந்தாலும், தனக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்க அவருக்கு அந்தத் தேதிகள் தேவை.

பாஸ்வேர்டு பற்றிய வாக்கியத்தில் வேறுபாடு இன்னும் ஆழமானது. குறியாக்கம் என்றால் சாவி வைத்திருப்பவர் திறக்கலாம், மற்றவர் முடியாது. ஹாஷ் அப்படியல்ல. அதற்குச் சாவியே கிடையாது. ஊகித்த பாஸ்வேர்டு ஒவ்வொன்றையும் ஹாஷ் செய்து, கையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் முடியும். ஆகவே ஒரு நொடியில் எத்தனை ஊகங்களைச் சோதிக்கலாம் என்பதுதான் கேள்வி. இந்தக் கடையில் இரண்டு வகை இருந்தது. பழைய கணக்குகளில் எம்டி5 என்ற பழைய, வேகமான ஹாஷ் முறை, அதுவும் ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் தனித்தனியாகச் சேர்க்கும் சீரற்ற எழுத்துகளான சால்ட் இல்லாமல். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தால் நொடிக்குப் பல ஆயிரம் கோடி ஊகங்களைச் சோதிக்கலாம். பின்னால், வேண்டுமென்றே மெதுவாக இயங்கும் பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறைக்கு மாறினார்கள். வழக்கமான அமைப்பில் அதே கார்டு நொடிக்குச் சில ஆயிரத்தோடு நின்றுவிடும். ஆனால் இந்தக் கடை செய்த ஏற்பாட்டில் பழைய கணக்கு புதிய முறைக்கு மாற வேண்டுமென்றால், அதன் உரிமையாளர் ஒருமுறையாவது லாகின் செய்ய வேண்டும். மூலப் பாஸ்வேர்டு அப்போதுதான் தளத்தின் கைக்கு வரும். மாற்றத்துக்குப் பிறகு திரும்பி வராத 9,000 பேர் எம்டி5-இலேயே தங்கிவிட்டார்கள்.

ஆகவே ‘கடவுச்சொற்கள் குறியாக்கம் செய்யப்பட்டவை’ என்ற ஒரே வரி, பெருமளவு பாதுகாப்பாக இருக்கும் 32,000 பேருக்கும் உடனே ஓட வேண்டிய 9,000 பேருக்கும் ஒரே மாதிரி கேட்கும். நான் இரண்டு கடிதங்களாகப் பிரித்து அனுப்பச் சொல்வேன். மேலே இருப்பது 9,000 பேருக்கானது. அவர்கள் கடையையே மறந்திருப்பார்கள். அதனால்தான் ‘2017-இல் நீங்கள் ஒரு கணக்கு தொடங்கினீர்கள்’ என்று தொடங்குகிறது. மற்ற 32,000 பேருக்குப் பாஸ்வேர்டு பத்தி மட்டும் மாறும்: “உங்கள் பாஸ்வேர்டைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் அது எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் தளத்தில் ரத்து செய்துவிட்டோம். அதையே வேறு இடத்திலும் வைத்திருந்தால் மாற்றுவது நல்லது.”

என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் முதல் வரைவு முற்றிலும் திசைமாறிப் போகிறது. கடையின் பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறது. அந்த வேலையைக் கடையே ஒரே நிமிடத்தில் எல்லோருக்கும் செய்துவிடலாம். கோப்பை எடுத்தவர் இந்தக் கடைக்குத் திரும்பி வரப்போவதில்லை. மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் ஜோடியாக வைத்துக்கொண்டு மற்ற தளங்களின் கதவைத்தான் தட்டிப் பார்ப்பார். அந்தக் கதவுகளைக் கடையால் பூட்ட முடியாது, வாடிக்கையாளரால்தான் முடியும். அதில் மின்னஞ்சலுக்கு முதலிடம், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ கடிதமும் அங்கேதான் வந்து விழுகிறது. போன் எண்ணையும் முகவரியையும் மாற்றச் சொல்ல முடியாது. அதற்கு ஒரே பாதுகாப்பு, எந்த விவரம் இனி நம்பிக்கைக்கு அடையாளமல்ல என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது.

லிங்க் விஷயத்தில் முதல் வரைவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. சொடுக்க ஏதாவது இருந்தால் செய்பவர்கள் அதிகம். ஆனால் கசிவுச் செய்தி பரவிய மறுநாளே அதே போன்ற போலிக் கடிதங்கள் கிளம்பும். 2017-இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் தன் கசிவுக்காக `equifaxsecurity2017.com` என்று தனித் தளம் திறந்தது. பெயரே போலித் தளம் போலத்தான் இருந்தது. அதைக் காட்டுவதற்காக ஒரு பொறியாளர் சொற்களை இடம் மாற்றி `securityequifax2017.com` என்று ஒன்றைத் திறந்து வைத்தார். ஈக்விஃபேக்ஸின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களைப் பலமுறை அந்தப் போலி முகவரிக்கு அனுப்பியது. நிறுவனத்தின் ஆட்களுக்கே தடுமாறும்போது வாடிக்கையாளரைக் குறை சொல்ல முடியாது. பழைய பாஸ்வேர்டுகளை ரத்து செய்து, எல்லோரையும் லாக்அவுட் செய்துவிட்டால், அடுத்த முறை வரும்போது தளமே புதியதைக் கேட்கும். லிங்க் தேவைப்படாது.

எப்போது அனுப்புவது என்பதிலும் இரண்டு தரப்பு உண்டு. முழு விசாரணை முடியட்டும் என்பார்கள் சிலர். ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், கசிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆபத்து அதிகமென்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தேவையற்ற தாமதமின்றி, தெளிவான எளிய மொழியில் சொல்லச் சொல்கிறது. விசாரணை முடியும்வரை காத்திருக்க அதில் இடமில்லை. ஆனால் சீக்கிரம் சொல்வது மட்டும் போதாது. பாஸ்வேர்டுகளைச் சேமித்துத் தரும் சேவையான லாஸ்ட்பாஸ் 2022 ஆகஸ்டில், வாடிக்கையாளர் தகவல் போனதற்கு ஆதாரமில்லை என்றது. நவம்பர் இறுதியில், வாடிக்கையாளர் தகவலில் ‘சில கூறுகள்’ என்றது. டிசம்பர் 22 அன்றுதான், பாஸ்வேர்டு பெட்டகங்களின் பேக்கப்பே நகலெடுக்கப்பட்டது என்றும், அதில் தள முகவரிகள் குறியாக்கம் இல்லாமல் இருந்தன என்றும் சொன்னது. ஒவ்வொரு கடிதமும் அதற்கு முந்தையதன் ஆறுதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

எங்கள் கற்பனைக் கடைக்கு நான் சொல்வது: மார்ச் 21 அன்று இரண்டாவது வரைவை அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு விஷயத்தில் மட்டும் முதல் வரைவுக்காரர் பேச்சைக் கேளுங்கள். ஓட்டை இன்னும் அடைபடவில்லையென்றால் அது எங்கே இருக்கிறது என்று எழுதாதீர்கள். இங்கே 19-ஆம் தேதியே அடைபட்டுவிட்டதால் மறைக்க ஒன்றுமில்லை. அடியில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: “மார்ச் 2 அன்று எடுத்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஏப்ரல் 4 அன்று மறுபடி எழுதுகிறோம்.” ஏப்ரல் 4 அன்று ஒன்றுமே தெரியவில்லையென்றாலும், தெரியவில்லை என்று எழுதி அனுப்புங்கள்.