சம தொகையா, ரிஸ்க் சதவீதமா: எத்தனை பங்கு வாங்குவது?

பங்கை வாங்கிச் சில நாள் வைத்திருந்து விற்கும் ஸ்விங் டிரேடிங்கைத் தொடங்கும் எங்கள் ஊர்க்காரர்களில் பெரும்பாலானோர் ஒரே கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டு லட்சம் இருந்தால் அதை நாலாகப் பிரித்து, எந்தப் பங்காக இருந்தாலும் ஐம்பதாயிரத்துக்கு வாங்குவது. இன்னொரு வழி, ஒரு டிரேடில் அதிகபட்சம் எவ்வளவு இழக்கலாம் என்பதை முதலில் முடிவு செய்து, கணிப்பு தவறினால் விற்று வெளியேறும் விலையான ஸ்டாப் லாஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து எண்ணிக்கையை வருவிப்பது. நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன், அதன் பக்கம்தான் பேசப்போகிறேன். ஆனாலும் முதல் வழியை முழுதாகக் கைவிட முடியாத ஓர் இடம் உண்டு.

எப்போதும் நூறு பங்கு என்று வாங்கும் மூன்றாவது வழக்கமும் இருக்கிறது. 80 ரூபாய்ப் பங்கும் 3,000 ரூபாய்ப் பங்கும் அதில் ஒன்றாகிவிடுவதால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அம்பாசமுத்திரத்தில் எனக்குப் பழக்கமான தம்பி ஒருவர், பிசான அறுவடையில் மிஞ்சிய இரண்டு லட்சத்தை டீமேட் கணக்கில் போட்டிருந்தார். "எல்லாத்துக்கும் அம்பதாயிரம்னு வச்சா கணக்கு லேசுல்லா அண்ணாச்சி?" என்று கேட்டார். லேசுதான். அவர் பார்த்து வைத்திருந்த இரண்டு பங்குகளை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

இரண்டும் அன்று 400 ரூபாயை ஒட்டி நின்றன. முதலாவது நிதானமாக நகரும் பெரிய கம்பெனி. கடைசியாக இறங்கித் திரும்பிய இடம் 389, அதனால் ஸ்டாப் 388. இரண்டாவது ஒரு மிட்கேப், அதாவது நடுத்தர அளவுக் கம்பெனி, ஒரே நாளில் நாலு சதவீதம் ஏறி இறங்குவது அதற்குச் சாதாரணம். அது திரும்பிய இடம் 366, ஸ்டாப் 364. ஐம்பதாயிரத்துக்கு இரண்டிலும் 125 பங்கு வரும். ஸ்டாப் அடித்தால் முதலாவதில் 1,500 ரூபாய் போகும், இரண்டாவதில் 4,500. ஒரே தொகை போட்டும் நஷ்டம் மூன்று மடங்கு மாறுகிறது. இதில் அடுத்தடுத்து மூன்று முறை சரியாகக் கணித்து தலா 1,500 சம்பாதித்தாலும், ஒரு மிட்கேப் தவறினால் எல்லாம் போய்விடும்.

ரிஸ்க் வழியில் கணக்கு இப்படித் திரும்புகிறது:

```
பங்குகள் = ரிஸ்க் தொகை ÷ (வாங்கும் விலை − ஸ்டாப் விலை)
```

இரண்டு லட்சத்தில் ஒரு சதவீதத்தை ரிஸ்க் தொகையாக வைத்தால் 2,000. முதல் பங்குக்கு 2,000-ஐ 12-ஆல் வகுத்தால் 166. இரண்டாவதற்கு 36-ஆல் வகுத்தால் 55. மீதி வந்தால் எப்போதும் கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்க வேண்டும். முதலாவதில் 66,400 ரூபாய் போடுகிறோம், இரண்டாவதில் 22,000 மட்டுமே. ஸ்டாப் அடித்தால் எதில் அடித்தாலும் ஏறக்குறைய 2,000 ரூபாய்தான்.

என்னை மாற வைத்தது இந்தச் சமநிலைகூட இல்லை. ஸ்டாப் எங்கே இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற விஷயம்தான். தொகையை முதலில் பூட்டிவிட்டால், 4,500 நஷ்டம் என்ற எண்ணைப் பார்த்ததும் கை தானாக ஸ்டாப்பை மேலே நகர்த்தும். "384-ல் வச்சா 2,000-தான் போகும்" என்று மனசு சொல்லும். ஆனால் அந்த மிட்கேப் நாலு சதவீதம் ஏறி இறங்குவது என்றால் ஒரு நாளில் 16 ரூபாய். 400-க்கு வாங்கி 384-ல் ஸ்டாப் வைத்தால், கணிப்பு சரியாக இருந்தும் வழக்கமான ஓர் ஆட்டத்திலேயே வெளியே தள்ளப்படுவோம். அப்புறம் அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ரிஸ்க் வழியில் ஸ்டாப்பைச் சார்ட் சொல்கிறது, எண்ணிக்கை அதற்கு வளைந்து கொடுக்கிறது. அகலமான ஸ்டாப் என்றால் பங்கு குறையும், அவ்வளவுதான். வரிசை முக்கியம்: முதலில் ஸ்டாப், அப்புறம் எண்ணிக்கை. ஆர்டர் போட்ட பிறகு ஸ்டாப்பைக் கீழே இறக்கினால் இந்தக் கணக்கு மொத்தமும் வீண்.

இனி இதன் பலவீனம். ஸ்டாப் குறுகக் குறுக எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஸ்விங் டிரேடில் பங்கு இரவில் நம் கையில் இருக்கிறது. சாயங்காலம் காலாண்டு முடிவு மோசமாக வந்து, மறுநாள் 9.15-க்கு எட்டு சதவீதம் கீழே திறந்தால், 388 என்ற ஸ்டாப்புக்கு அங்கே அர்த்தமில்லை. திறக்கும் விலையே 368. 166 பங்குக்கு நஷ்டம் 5,312 ரூபாய், நாம் நினைத்த ஒரு சதவீதம் இரண்டரையைத் தாண்டிவிடும். அதே எட்டு சதவீத இறக்கம் மிட்கேப்பில் வந்தால் 55 பங்குக்கு 1,760-தான், ஸ்டாப்பைக்கூட தொடவில்லை. 'பாதுகாப்பான' குறுகிய ஸ்டாப்தான் இரவில் பெரிய ஆபத்தைச் சுமக்கிறது என்பது தொடக்கத்தில் பலருக்குத் தெரிவதில்லை.

இங்கேதான் சம தொகை வழி திரும்ப வருகிறது, ஓர் உச்சவரம்பாக. ரிஸ்க் கணக்கு எத்தனை சொன்னாலும், ஒரே பங்கில் மொத்தப் பணத்தின் கால்வாசிக்கு மேல் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அப்படிப் பார்த்தால் முதல் பங்கில் 166 அல்ல, 125. இரண்டு எண்ணில் எது சிறியதோ அதுதான் வாங்கும் எண்ணிக்கை. அதே எட்டு சதவீத இறக்கத்தில் இப்போது 4,000 போகும். வலிக்கும், ஆனால் கணக்கு நிற்கும்.

செலவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டெலிவரியில் பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். இதர கட்டணங்களையும் சேர்த்தால் 400 ரூபாய்ப் பங்குக்குக் கிட்டத்தட்ட ஒரு ரூபாய். 36 ரூபாய் ஸ்டாப்பில் இது பொருட்டில்லை, 12 ரூபாய் ஸ்டாப்பில் அந்த ரிஸ்க்கில் பன்னிரண்டில் ஒரு பாகம். அதனால் குறுகிய ஸ்டாப் என்றால் வகுக்கும் எண்ணில் ஒரு ரூபாயைக் கூட்டிக்கொள்வது நல்லது.

ஒரு சதவீதமா இரண்டா என்பது அடுத்த கேள்வி. தொடர்ந்து பத்து டிரேட் தோற்பது புதியவருக்கு அதிசயமில்லை. ஒரு சதவீதத்தில் இரண்டு லட்சம் ஏறக்குறைய 1,81,000 ஆகும். இரண்டு சதவீதத்தில் 1,63,000. ஐந்து சதவீதத்தில் 1,20,000-க்குக் கீழே போய்விடும், பழைய இடத்துக்குத் திரும்ப 67 சதவீத லாபம் வேண்டும். தம்பிக்கு ஜூனில் அணைத் தண்ணீர் திறந்தால் கார் நடவுக்குப் பணம் எடுத்தாக வேண்டும். அவருக்கு ஒன்றே அதிகம் என்று நினைத்து, முதல் சீசனுக்கு அரை சதவீதம், அதாவது 1,000 ரூபாய் என்று வைத்தோம். மிட்கேப்பில் 27 பங்கு வந்தது. அனுபவம் உள்ளவருக்கு இரண்டு சதவீதம் ஒத்துவரலாம், அதை அழுத்திச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நாலு வங்கிப் பங்கை ஒன்றாக வைத்திருந்தால் அது நாலு தனி டிரேட் அல்ல, சேர்ந்துதான் விழும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஃப்யூச்சர்ஸுக்கு இந்த வழி சின்னக் கணக்கில் பொருந்தாது. லாட் அளவை எக்ஸ்சேஞ்ச்தான் முடிவு செய்கிறது, 27 என்று வாங்க முடியாது.

ஆர்டர் போடும் முறையிலும் ஒரு கவனம் வேண்டும். சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றைய மாலையோடு காலாவதியாகும், அதனால் பல நாள் காத்து நிற்கும் ஜிடிடி ஆர்டர் போட வேண்டியிருக்கும். அது லிமிட் ஆர்டராகப் போனால், டிரிகர் 388, லிமிட்டும் 388 என்று வைப்பது ஆபத்து. சந்தை 385-ல் திறந்தால் ஆர்டர் நிறைவேறாமல் தொங்கும். லிமிட்டை 380 வரை இறக்கி வைத்தால் சற்றே கீழே திறந்தாலும் விற்றுவிடும். 368-ல் திறந்தால் அதுவும் நிறைவேறாது, நாமேதான் உள்ளே போய் விற்க வேண்டும். காலாண்டு முடிவு வெளியாகும் தேதி எக்ஸ்சேஞ்ச் தளத்தில் முன்கூட்டியே இருக்கும். அந்த வாரம் பாதிப் பங்கை விற்றுவிட்டு மீதியை மட்டும் இரவில் வைத்திருப்பது என் வழக்கம்.