ஏற்காட்டில் குளிராத ஃப்ரிட்ஜும் சித்தி மகள் எடுத்த வீடியோவும்

இந்த முறை மஸ்கட்டிலிருந்து ஊருக்குப் போனபோது, ஏற்காட்டில் அம்மா வீட்டு ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியாகத்தான் நின்றது. நான் அங்கிருந்தே ஆன்லைனில் 34,000 ரூபாய் கட்டி வாங்கி அனுப்பியது. ஒரு வருட வாரண்டி இன்னும் முடியவில்லை. உள்ளே வைத்த வெப்பமானி 14 டிகிரி காட்டியது. அம்மா போடும் இன்சுலினை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பதால், அது பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது.

மெக்கானிக் சேலத்திலிருந்து மலை ஏறி வர வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு. சில நாள் வராமலேயே “வீடு பூட்டியிருந்தது” என்று எஸ்.எம்.எஸ். வரும். வந்த நாளில் கேஸ் நிரப்பிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாள் குளிர்ந்தது, மறுபடி பழைய கதை. ஃப்ரிட்ஜில் கேஸ் போகும் குழாய் முழுக்க மூடிய அமைப்பு. எங்கேயோ கசிந்தால் ஒழிய கேஸ் குறையாது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பினால் அது திரும்பத் திரும்பப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

என் சித்தி மகள் சேலத்தில் சட்டம் படிக்கிறாள். பழுதான பொருளுக்குப் புகார் போடுவது எப்படி என்று அவள் தெருக்காரர்களுக்காகப் போனிலேயே ஒரு சின்ன வீடியோ எடுத்து வைத்திருந்தாள். ஹெல்ப்லைன் எண்ணோடு தொடங்கும் வீடியோக்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். இவள் வீடியோ ஒரு சாப்பாட்டு மேஜையில் தொடங்குகிறது. பில், வாரண்டி அட்டை, ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணின் படம், சர்வீஸ் சீட்டு, பணம் போனதற்கான வங்கி விவரம், ஆதார் நகல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். போனை அப்புறம்தான் கையில் எடுக்கிறாள். எனக்கு இந்த வரிசை ரொம்பச் சரியென்று பட்டது. புகார் எண் கையில் இருந்தும் சீட்டு இல்லாமல் நிற்பவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

பில்லைக் காட்டும்போது இரண்டு விஷயம் சொல்கிறாள். கடை பில் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள், சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும், அதனால் வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள் என்பது ஒன்று. ஆன்லைன் பில்லில் ‘விற்பவர்’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்வது இன்னொன்று. எங்கள் பில்லில் ஏதோ பெங்களூரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. புகாரில் விற்றவர், தயாரித்தவர், ஆன்லைன் தளம் மூவரையும் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கை காட்டுவார்.

சர்வீஸ் சீட்டில் அவள் நிறைய நேரம் நிற்கிறாள். மெக்கானிக் கிளம்பும்போது ஓ.டி.பி. கேட்பார். அதைச் சொன்னால் புகார் தீர்ந்தது என்று கணக்காகிவிடும். “பெரியம்மா, குளிருதான்னு பார்க்காம ஓ.டி.பி. குடுக்காதீங்க” என்று அம்மாவிடம் நேரிலும் சொன்னாள். ‘கேஸ் நிரப்பப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் போதாது, ‘வாடிக்கையாளர் புகார்: குளிரவில்லை, கசிவு சோதனை செய்யப்பட்டதா, இல்லையா’ என்று எழுதி வாங்க வேண்டும். எங்களிடம் இருந்த பழைய சீட்டில் அந்த வரி இல்லை. அதனால் ஏற்காட்டிலேயே வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னோம். பின்பக்கக் குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவினார், அங்கே குமிழி விட்டது. அதை வீடியோ எடுத்து, அவர் கையெழுத்தோடு ஒரு பக்க அறிக்கையும் வாங்கிக்கொண்டோம். கம்பெனி “மலையில் வோல்டேஜ் சரியில்லை” என்று சொல்லியிருந்ததால், ஸ்டெபிலைசர் திரையில் ஓடும் எண்ணையும் காலை, மாலை எடுத்து வைத்தோம். இந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடக் கூடாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேரம் போன்ற விவரமும் போய்விடும்.

பில் என் பெயரில், நானோ வெளிநாட்டில். புகாரை யார் போடுவது? வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த இடம்தான் ரொம்ப உதவும் என்று நினைக்கிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் போடலாம் என்றும் இருக்கிறது. ஆகவே விற்றவர் பெங்களூரில் இருந்தாலும், அம்மா தன் பெயரில் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கேட்கலாம். நான் விமானம் ஏறிய பின்னும் வேலை நிற்காது. நான் வாங்கிக் கொடுத்ததாகவும், அம்மா பயன்படுத்த நான் சம்மதித்ததாகவும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்தது தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததைச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்களுக்குப் புகார் எண் வந்தது, தீர்வு வரவில்லை. அப்புறம்தான் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் எண் 1915. தமிழிலேயே பேசலாம், consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். இதன் எல்லையை வீடியோ மறைக்காமல் சொல்கிறது: அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், உத்தரவு போட முடியாது. எங்களுக்கு வந்த பதில் “சர்வீஸ் முடிந்தது”. ஓ.டி.பி. இல்லாமலே முடித்திருந்தார்கள். அந்தப் பதிலையும் அச்செடுத்துக் கோப்பில் வைத்தோம்.

பிறகு மூவருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் இங்கே வழக்கம். வக்கீல் இல்லாமல் நாமே எழுதலாம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததைக் காட்டும் பக்கத்தைச் சேமித்து வைத்தோம்.

அந்த அவகாசத்தில் ஆணையத்துக்கான கோப்பைத் தயார் செய்தோம். தேதி வாரியாக நடந்தது என்ன என்று ஒரு பக்கம், புகார் மனு, நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், வரிசை எண்ணிட்ட நகல்கள். எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கி e-jagriti.gov.in தளத்தில் ஏற்றலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. மனுவில் மாற்று ஃப்ரிட்ஜ் அல்லது விலை, பாழான இன்சுலினுக்கு மருந்துக்கடை பில்லோடு இழப்பீடு, செலவு என்று தனித்தனியாகக் கேட்டிருந்தோம். பொதுவாக ‘நியாயம் வேண்டும்’ என்று எழுதினால் எதைக் கொடுப்பது என்று ஆணையத்துக்குத் தெரியாது. பொருளில் குறை இருக்கிறதா என்பது பார்த்துத் தெரியாவிட்டால் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பும். அப்போது காலம் நீளும், அதனால்தான் அந்தச் சோப்பு நுரை வீடியோவை அவ்வளவு கவனமாக வைத்தோம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். 1915இல் புகார் இருக்கிறது என்று காத்திருந்தால் அந்தக் காலம் நிற்காது.

மனுவை ஏற்றும் முன்பே தயாரித்த கம்பெனியிலிருந்து அழைத்தார்கள், புது ஃப்ரிட்ஜ் தருவதாக. ‘முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். சித்தி மகள் அதைப் படித்துவிட்டு, புது ஃப்ரிட்ஜின் மாடல் எண், சீரியல் எண், வாரண்டி தொடங்கும் தேதி மூன்றையும் அதிலேயே எழுதச் சொன்னாள். எழுதிக் கொடுத்தார்கள். அது வந்து இறங்கி, வெப்பமானி ஒரு இரவு முழுக்க 4 டிகிரியில் நின்ற பிறகுதான் அம்மா கையெழுத்துப் போட்டார்.