14 லட்சம் ரூபாய் டர்ன்ஓவருக்கு தரகு எவ்வளவு? டிஸ்கவுண்ட், ஃபுல் சர்வீஸ் இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்த்தால்

"0.50 சதவீதம்", "ஆர்டருக்கு 20 ரூபாய்", "டெலிவரிக்கு பூஜ்யம்" என்று ஒவ்வொரு புரோக்கரும் ஒரு எண்ணைச் சொல்வார்கள். அந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பலன் இல்லை. வருஷத்துக்கு எத்தனை ஆர்டர், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, எத்தனை நாள் விற்றோம் என்பது தெரிந்தால்தான் உண்மையான செலவு தெரியும். அதனால் ஒரு முதலீட்டாளரின் ஒரு நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளக்காரர், டெலிவரி மட்டும்தான், இன்ட்ராடே, எஃப் அண்ட் ஓ எதுவும் கிடையாது.

அவர் வாங்கியது 48 ஆர்டர், மொத்தம் 9,60,000 ரூபாய். அதில் 12 ஆர்டர் மாதாமாதம் இடிஎஃப் சேர்க்கும் 2,500 ரூபாய்ச் சின்ன ஆர்டர்கள். மற்ற 36-ம் சராசரியாக 25,000 ரூபாயைத் தாண்டும். விற்றது 14 ஆர்டர், 4,40,000 ரூபாய், ஒவ்வொன்றும் வேறு பங்கு அல்லது வேறு நாள். ஆக டர்ன்ஓவர் 14 லட்சம், ஆர்டர்கள் 62.

முதலில் எந்தப் புரோக்கரிடம் போனாலும் மாறாத பகுதியை ஒதுக்கிவிடலாம். பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி, டெலிவரியில் பங்கு வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம். இடிஎஃப் வாங்கிய 30,000 ரூபாய்க்கு அது கிடையாது, ஆக 1,370 ரூபாய். ஸ்டாம்ப் டியூட்டி வாங்கும் பக்கத்தில் மட்டும் 0.015 சதவீதம், 144 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் லட்சத்துக்கு ஏறத்தாழ 3 ரூபாய், செபி கட்டணம் கோடிக்கு 10 ரூபாய். இந்த இரண்டின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 50 ரூபாய்க்குச் சற்று மேல். மொத்தம் சுமார் 1,565 ரூபாய். "பூஜ்யம் புரோக்கரேஜ்" என்று கணக்குத் திறந்தவர் கான்ட்ராக்ட் நோட்டில் பிடித்தத்தைப் பார்த்து ஏமாந்தோமோ என்று நினைப்பது பெரும்பாலும் இந்தத் தொகையைப் பார்த்துத்தான். இது அரசுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் செபிக்கும் போவது.

இனி மாறும் பகுதி. ஃபுல் சர்வீஸ் பக்கம், பேரம் பேசாதவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஒரு கட்டண அட்டை இப்படி இருக்கும்: டெலிவரிக்கு 0.50 சதவீதம், ஆர்டருக்குக் குறைந்தபட்சம் 25 ரூபாய், விற்கும்போது டிமேட் கணக்கிலிருந்து பங்கை எடுப்பதற்கான டிபி கட்டணம் 25 ரூபாய், டிமேட் ஆண்டுப் பராமரிப்பு 600 ரூபாய், எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி. 14 லட்சத்துக்கு 0.50 சதவீதம் 7,000 ரூபாய். இதோடு முடியவில்லை. 2,500 ரூபாய் ஆர்டருக்கு 0.50 சதவீதம் பன்னிரண்டரை ரூபாய்தான், ஆனால் குறைந்தபட்ச விதியால் 25 பிடிப்பார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு அது 150 ரூபாய் கூடுதல். ஆக தரகு 7,150, ஜிஎஸ்டியோடு 8,437. டிபி 413, பராமரிப்பு 708. மொத்தம் 9,558 ரூபாய்.

டிஸ்கவுண்ட் பக்கம் இரண்டு வகை. ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்குபவரிடம் 62 ஆர்டருக்கு ஜிஎஸ்டியோடு 1,463. டிபி 13 ரூபாய் என்றால் 14 தடவைக்கு 215, பராமரிப்பு 300 என்றால் வரியோடு 354. மொத்தம் 2,032. டெலிவரிக்குத் தரகே வாங்காதவரிடம் கடைசி இரண்டும் மட்டும்தான், 569 ரூபாய். ஆக இந்த ஒரு முதலீட்டாளருக்கு வருஷத்துக்கு வித்தியாசம் 7,500-லிருந்து 9,000 ரூபாய் வரை.

இந்தக் கணக்கை உங்கள் எண்களுக்குப் போட, புரோக்கர் தளத்திலிருந்து நிதியாண்டுக்கான டிரேட்புக்கை இறக்கி, ஒரே ஆர்டரின் துண்டுகளை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஆர்டர் ஐந்து துண்டாக நிறைவேறினாலும் அன்றைக்கு ஒரே கட்டணம்தான். வரிவரியாக எண்ணினால் 20 ரூபாய்ப் புரோக்கரின் செலவு பல மடங்கு ஊதித் தெரியும். ஆர்டர் மதிப்பு B பத்தியில் இருந்தால் முதல் வரி ஃபுல் சர்வீஸுக்கு, இரண்டாவது "20 ரூபாய் அல்லது 0.1 சதவீதம், எது குறைவோ அது" என்று வாங்கும் டிஸ்கவுண்டுக்கு:

```
=MAX(25, B2*0.005)*1.18
=MIN(20, B2*0.001)*1.18
```

சின்ன ஆர்டர்களைக் கவனியுங்கள். எந்த ஆர்டருக்கும் ஒரே 20 ரூபாய் வாங்குபவரிடம், 2,500 ரூபாய் வாங்க வரியோடு 23.60 ரூபாய். அது 0.94 சதவீதம், ஃபுல் சர்வீஸின் 0.50-ஐ விட அதிகம். (ஃபுல் சர்வீஸிலும் குறைந்தபட்சம் 25 இருப்பதால் அங்கே போயும் தப்பிக்க முடியாது.) மாதாமாதம் 1,000, 2,000 என்று இடிஎஃப் சேர்ப்பவருக்கு நிலையான கட்டணம் கொஞ்சமும் ஒத்துவராது. அவருக்குச் சதவீத உச்சவரம்பு உள்ளவரோ, டெலிவரிக்குப் பூஜ்யம் என்பவரோதான் சரி.

விலை குறைந்த பங்குகளில் இன்னொரு பொறி இருக்கிறது. சில கட்டண அட்டைகளில் "0.50 சதவீதம் அல்லது பங்குக்கு 5 பைசா, எது அதிகமோ" என்று சின்ன எழுத்தில் இருக்கும். 6 ரூபாய்ப் பங்கு 2,000 வாங்கினால் சதவீதப்படி 60 ரூபாய், பைசாப்படி 100 ரூபாய். 10 ரூபாய்க்குள் உள்ள பங்குக்குப் பங்கு ஒன்றுக்கு 25 பைசா வரை தரகு வாங்க விதி இடம் கொடுப்பதால், இதைத் தவறு என்று புகார் செய்யவும் வழியில்லை. கான்ட்ராக்ட் நோட்டில் ஒரு பங்குக்கான தரகு என்ற பத்தியைப் பங்கு விலையால் வகுத்துப் பார்த்தால் உண்மையான சதவீதம் உடனே தெரிந்துவிடும்.

டிபி கட்டணம் கான்ட்ராக்ட் நோட்டிலேயே வராது, லெட்ஜரில் தனியாகக் கழிந்திருக்கும். பலர் இதை ஒப்பீட்டில் விட்டுவிடுவது அதனால்தான். இது பங்கு, நாள் கணக்கு: ஒரே பங்கை ஒரே நாளில் மூன்று தடவையாக விற்றால் ஒரு கட்டணம், மூன்று நாளில் விற்றால் மூன்று. 2,000 ரூபாய்க்கு ஒரு பங்கை விற்கும்போது 15.34 ரூபாய் டிபி என்றால் முக்கால் சதவீதத்துக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. சில ஃபுல் சர்வீஸ் அட்டைகளில் இது மதிப்பில் 0.04 சதவீதம், குறைந்தபட்சம் 25 என்றிருக்கும். ஒரு லட்சத்துக்கு விற்றால் 40 ரூபாய்.

ஃபுல் சர்வீஸில் பேரம் பேசலாம், பேசவும் வேண்டும். 0.20 சதவீதத்துக்கு இறங்கினால் இதே டர்ன்ஓவருக்குத் தரகு, டிபி, பராமரிப்பு எல்லாம் சேர்த்து 4,708 ரூபாய். பாதியாகிவிட்டது, ஆனாலும் 20 ரூபாய்ப் புரோக்கரை விட இரண்டு மடங்குக்கு மேல். முன்பணத் திட்டம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். 3,000 ரூபாய் கட்டினால் 0.25 சதவீதம், கட்டிய தொகை தரகில் கழியும், ஒரு வருஷத்தில் தீராதது காலாவதி. 14 லட்சம் வியாபாரம் நடந்தால் அது முழுதும் கழிந்துவிடும். சந்தை மந்தமாகி 6 லட்சத்தோடு நின்றால் கழிந்தது 1,500, மீதி போனது போனதுதான். அதாவது மறுபடி 0.50 சதவீதம். கடந்த மூன்று வருஷத்தில் மிகக் குறைந்த டர்ன்ஓவரை வைத்துத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ரிலேஷன்ஷிப் மேனேஜர் கடந்த வருஷத்தின் உச்சத்தை வைத்துத்தான் பேசுவார்.

போனில் ஆர்டர் கொடுத்துப் பழகியவர்களுக்கு டிஸ்கவுண்ட் சரிப்படாது என்பார்கள். அங்கேயும் போன் ஆர்டர் உண்டு, பொதுவாக 50 ரூபாய் கூடுதல். வருஷத்தில் 20 ஆர்டரைப் போனில் கொடுத்தாலும் வரியோடு 1,180 ரூபாய்தான். ஃபுல் சர்வீஸ் உண்மையில் கைகொடுக்கும் இடங்கள் வேறு: பழைய காகிதப் பங்குகளை டிமேட் ஆக்குவது, இறந்தவர் பெயரிலிருந்து பங்குகளை மாற்றுவது. இவற்றுக்குக் கிளையில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் தேவை, அதற்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. "இதை விற்று அதை வாங்குங்கள்" என்ற அழைப்புக்குக் காசு கொடுப்பதில் இல்லை. தரகு வளர்ந்தால்தான் அழைப்பவரின் டார்கெட் நிறையும்.

தரகைவிடப் பெரிய செலவு இதே கணக்கில் ஒளிந்திருக்கலாம். ஃபுல் சர்வீஸ் வழியாக வாங்கிய மியூச்சுவல் ஃபண்டு ரெகுலர் பிளானாக இருந்தால், டைரக்ட் பிளானோடு 0.8 சதவீத வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும் 6 லட்சத்துக்கு வருஷம் 4,800 ரூபாய். எந்த கான்ட்ராக்ட் நோட்டிலும் இது தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் விநியோகஸ்தருக்குக் கொடுத்த கமிஷன் ரூபாயில் இருக்கும், அங்கே பாருங்கள்.

மாறுவது என்று முடிவெடுத்தால் பங்குகளை விற்றுப் புதுக் கணக்கில் வாங்க வேண்டாம். இரண்டு பக்கமும் எஸ்டிடி, கூடவே மூலதன ஆதாய வரி. அதே பெயர், அதே பான் என்றால் கணக்கை மூடுவதோடு சேர்த்துப் பங்குகளை மாற்றிக் கேளுங்கள், மாற்றுக் கட்டணம் விலக்கு உண்டு. புதுப் புரோக்கரின் கிளையன்ட் மாஸ்டர் அறிக்கையை இணைக்க வேண்டும், பழைய லெட்ஜரில் பராமரிப்புக் கட்டணப் பாக்கி ஒரு ரூபாய்கூட இருக்கக்கூடாது. விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இந்தப் பாக்கியால்தான். பங்கு போகும், ஆனால் வாங்கிய விலையும் தேதியும் கூடவே போகாது. புது ஆப்பில் வாங்கிய விலை காலியாக நிற்கும், நாம்தான் ஏற்ற வேண்டும். அதனால் பழைய கணக்கின் உள்நுழைவு நிற்பதற்கு முன்பே எல்லா வருஷத்து டிரேட்புக்கையும் கான்ட்ராக்ட் நோட்டுகளையும் இறக்கி வையுங்கள்.

இரண்டு கணக்கையும் வைத்துக்கொள்வோம் என்பவர்களுக்கு ஒரு விஷயம். 4 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் அடிப்படை டிமேட் கணக்குக்குப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது, 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய்தான். 2024 செப்டம்பரிலிருந்து இந்த வரம்பு. ஆனால் முதல் பெயரில் ஒரே ஒரு டிமேட் கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் அது. இரண்டாவதைத் திறந்தால் சலுகை போய், இரண்டு இடத்திலும் முழுப் பராமரிப்பும் விழும். மேலே பார்த்த முதலீட்டாளருக்கு அது 708, 354 இரண்டும் சேர்ந்து 1,062 ரூபாய்.