ஐஎஸ்எஸ்என் உண்மை, ஸ்கோபஸ் உண்மை, இணையதளம் போலி: 38,000 ரூபாய் போய்விட்டது

பிஎச்டி செய்கிறவர்கள், கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்கிறவர்கள் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். கட்டுரை வெளியிட நான் பணம் கட்டிய ஜர்னல் தளம் போலி என்று நேற்றுதான் எனக்கு உறுதியானது. கை இன்னும் நடுங்குகிறது. பணத்தைச் செலுத்தச் சொல்லி மின்னஞ்சல் வந்து கையில் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், இன்று செலுத்தாதீர்கள்.

2022இல் யுஜிசி கொண்டுவந்த விதிமுறையில், ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் எங்கள் பல்கலைக்கழகம் அதை விடவில்லை. சினாப்சிஸ் கொடுக்க ஸ்கோபஸில் உள்ள ஜர்னலில் ஒரு கட்டுரையாவது வேண்டும். நல்ல ஜர்னல்களில் ரிவ்யூ முடியவே மாதக்கணக்கில் ஆகும். இந்த அவசரத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

ஆய்வு மாணவர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்த விளம்பரம் வந்தது. ஐரோப்பாவில் பல காலமாக வந்துகொண்டிருக்கும் புவியியல் ஜர்னல் ஒன்று, ஸ்கோபஸில் உள்ளது, விரைவான வெளியீடு என்று போட்டிருந்தார்கள். என் வேலை சாயப்பட்டறைப் பகுதிக் கிணறுகளின் நீர்த்தரம் பற்றியது, துறையும் பொருந்தியது. ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொண்ட ஆளிடம் பேசினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மேடம், என்னை நம்ப வேண்டாம். நீங்களே ஸ்கோபஸ் சைட்டுக்குப் போய் ஐஎஸ்எஸ்என் நம்பரைப் போட்டுப் பாருங்க. இருந்தா மட்டும் பேப்பர் அனுப்புங்க.”

போட்டுப் பார்த்தேன். ஜர்னல் பெயர் இருந்தது. ஐஎஸ்எஸ்என் எண்ணும் அதேதான். ஆசிரியர் குழுவில் இருந்த பேராசிரியர்களைத் தேடினேன், எல்லோரும் உண்மையான ஆட்கள், உண்மையான பல்கலைக்கழகங்கள். என் கைடும் பார்த்துவிட்டுச் சரி என்றார். கட்டுரையை அனுப்பினேன். அதே வாரத்தில் ஏற்றுக்கொண்ட கடிதம் வந்தது. ரிவ்யூ என்ற பெயரில் இரண்டே வரி, ஆங்கிலத்தை இன்னும் மெருகேற்றலாம் என்று. 38,000 ரூபாய் கட்டினேன். என் சம்பளத்தில் அது ஒன்றரை மாதம்.

கட்டுரை அந்தத் தளத்தில் வந்தது. ஸ்கோபஸில் வரவில்லை. கேட்டபோது, “இண்டெக்ஸிங் ஸ்கோபஸ் கையில் இருக்கு மேடம், எங்க கையில் இல்லை” என்றார்கள். அடுத்த மாதம் கேட்டால், வால்யூம் முடிந்ததும் மொத்தமாக ஏறும். அதற்கும் அடுத்து, சர்வர் மாற்றுகிறோம், பொறுங்கள். டிஓஐ வேலை செய்யவில்லையே என்றேன். “அது ஆக்டிவேட் ஆக டைம் எடுக்கும்” என்றார்கள். உண்மையான ஜர்னலில் டிஓஐ கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அது திறக்காமல் இருக்காது. https://doi.org/ என்பதற்குப் பின்னால் என் எண்ணைப் போட்டால் DOI Not Found என்றுதான் வந்தது. அப்படி ஓர் எண்ணை யாரும் பதிவே செய்யவில்லை என்று அர்த்தம். கட்டுரையின் தலையில் சும்மா அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்ட பிறகு, போனை எடுப்பதே நின்றுபோனது.

ஸ்கோபஸ் பக்கத்தில் பதிப்பாளர் என்று ஓர் ஆய்வு நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தைத் தேடிப் போய், அங்கிருந்து ஜர்னல் பக்கத்தைத் திறந்தேன். அது வேறு முகவரி! நான் பணம் கட்டிய தளம் அங்கே எங்குமே இல்லை. அங்கிருந்த ஆசிரியருக்கு எழுதினேன். நேற்று பதில் வந்தது. தாங்கள் கட்டுரையாளர்களிடம் பணமே வாங்குவதில்லை என்றும், தங்கள் பெயரில் ஒரு போலித் தளம் ஓடுகிறது என்றும், அதில் என் கட்டுரை இருப்பது பற்றித் தங்களால் எதுவும் செய்ய முடியாது என்றும் எழுதியிருந்தார்.

இது வெறும் தரங்கெட்ட ஜர்னல் இல்லை, ஜர்னலையே திருடுவது. பட்டா உண்மை, விற்கிறவன் நிலத்துக்குச் சொந்தக்காரன் இல்லை என்பது போன்ற மோசடி. ஐஎஸ்எஸ்என்னைச் சரிபார்த்தால் அப்படி ஒரு ஜர்னல் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். நம் திரையில் இருக்கும் தளம் அந்த ஜர்னலுடையதா என்று அது சொல்லாது. அதனால்தான் அந்த ஆள் அவ்வளவு துணிச்சலாக ‘நீங்களே பாருங்க’ என்றான்.

இது புதிதும் இல்லை. ஆஸ்திரியாவின் தாவரவியல் இதழ் வுல்ஃபெனியா பெயரில் 2010களின் தொடக்கத்திலேயே போலித் தளம் வைத்துப் பணம் பிடுங்கினார்கள். அச்சில் மட்டும் வரும், இணையத்தில் பெரிதாக இல்லாத பழைய இதழ்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். பதிப்பாளர் புதுப்பிக்காமல் விட்ட பழைய முகவரியையே வாங்கிப் போலியை நடத்துவதும் உண்டு. ஸ்கோபஸே ஏமாந்திருக்கிறது. சில ஜர்னல்களின் விவரப் பக்கத்தில் போலித் தளத்தின் இணைப்பு இருந்தது அம்பலமான பிறகு, 2023 டிசம்பரில் எல்லா ஜர்னல்களின் முகப்பு இணைப்புகளையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே ‘ஸ்கோபஸில் இருக்கிறது’ என்று யார் சொன்னாலும் அதோடு நிறுத்தாதீர்கள்.

நேற்றிரவு அந்தப் போலித் தளத்தை உட்கார்ந்து நோண்டினேன். lookup.icann.org பக்கத்தில் முகவரியைப் போட்டால் அது பதிவான தேதி வருகிறது. நான் பிறக்கும் முன்பிருந்து வரும் ஜர்னலுக்கு, தளம் பதிவானது போன வருடம். அடுத்து பழைய இதழ்கள். உண்மையான ஜர்னலில் ஓர் இதழுக்குப் பத்துக்கும் குறைவான கட்டுரைகள், எல்லாம் பாறை, நிலத்தடி நீர் சம்பந்தப்பட்டவை. போலியில் அதே வால்யூம், அதே இதழ் எண், ஆனால் நூற்றுக்கும் மேல் கட்டுரைகள். பல் மருத்துவம், பங்குச்சந்தை, முகம் அடையாளம் காணும் மென்பொருள் எல்லாம் ‘புவியியல்’ ஜர்னலில்! இப்படி இரண்டு தளங்களிலும் ஒரே இதழின் உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிட்டால் பொய் நிற்காது.

விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். ஜர்னல் தளத்துக்கு விளம்பர இணைப்பு வழியாகவோ கூகுள் வழியாகவோ போகாதீர்கள், பதிப்பாளரின் சொந்தத் தளம் வழியாகப் போங்கள். search.crossref.org பக்கத்தில் அந்த ஜர்னலின் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, அதன் டிஓஐ எந்தத் தளத்துக்குக் கொண்டுபோகிறது என்று பாருங்கள். டிஓஐயே இல்லாத பழைய ஜர்னலானால் இரட்டிப்பு எச்சரிக்கை. ரிட்ராக்‌ஷன் வாட்ச் நடத்தும் ‘ஹைஜாக்டு ஜர்னல் செக்கர்’ பட்டியலையும் பாருங்கள், ஆனால் அதில் பெயர் இல்லை என்பதால் நல்ல தளம் என்று ஆகிவிடாது. தனிநபர் யுபிஐ எண் கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். நானும் தனிநபர் பெயரில் இருந்த எண்ணுக்குத்தான் 38,000 ரூபாயை அனுப்பினேன், ‘இந்தியாவில் எங்கள் ஏஜெண்ட்’ என்றார்கள்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். நாள் ஆக ஆகப் பணத்தை முடக்குவது கடினம். என் 38,000 ரூபாய்க்கு இன்று காலையில் புகார் பதிந்திருக்கிறேன்.

கட்டுரைக்கு என்ன கதி என்பதுதான் இதைவிடக் கொடுமை. வேறு ஜர்னலுக்கு அனுப்பினால் ஒப்புமைச் சோதனையில் அந்தப் போலித் தளத்தில் இருக்கும் என் சொந்த வரிகளே திருட்டாகக் காட்டும். எடுத்துவிடுங்கள் என்று முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தேன். அதற்கு மட்டும் இன்று பதில் வந்திருக்கிறது: திரும்பப் பெறும் கட்டணம் 12,000 ரூபாயாம். கட்டப்போவதில்லை. உண்மையான ஆசிரியர் எழுதிய பதிலை இணைத்து, நடந்ததை முகப்புக் கடிதத்தில் சொல்லித்தான் அடுத்த ஜர்னலுக்கு அனுப்பப்போகிறேன். இதே சிக்கலில் இருந்து மீண்டு வேறு இடத்தில் வெளியிட்டவர்கள் இருந்தால், ஆசிரியருக்கு என்ன எழுதினீர்கள் என்று கீழே சொல்லுங்கள்.