கிரியேட்டின்: ஒரே வாரத்தில் ஏற்றுவதா, ஒரு மாதம் எடுப்பதா?

ரஞ்சி ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 90 ஓவர். அதில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் 18 ஓவர் போட்டால், 108 முறை ஓடிவந்து முழு பலத்தோடு வீசுகிறார். ஒவ்வொன்றும் சில நொடி வேலைதான். அந்தச் சில நொடிக்குத் தசை நம்பியிருப்பது தன்னிடமுள்ள பாஸ்போகிரியேட்டின் என்ற உடனடி ஆற்றல் சேமிப்பை. ரன்னப்புக்குத் திரும்பி நடக்கும் அரை நிமிடத்தில் அது ஓரளவுதான் நிரம்பும். மறுமுனையில் ஓவர் நடக்கும்போது மீதியும் பெரும்பாலும் நிரம்பிவிடும். விளையாட்டு வீரர்கள் துணை உணவாக எடுக்கும் கிரியேட்டின் இந்தச் சேமிப்பைக் கொஞ்சம் பெரிதாக்குகிறது. அதற்காக 135 கிலோமீட்டரில் வீசுபவர் 140-ஐத் தொட்டுவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, எப்படி எடுப்பது? லோடிங் முறையில் நாளுக்கு 20 கிராமை நாலு வேளையாகப் பிரித்து ஐந்தாறு நாள் எடுத்து, அப்புறம் 3 கிராமில் தொடர்வார்கள். இன்னொரு முறையில் முதல் நாளிலிருந்தே 3 முதல் 5 கிராம்தான். நாலு வாரத்தில் இரண்டுமே தசையை ஏறக்குறைய ஒரே அளவுக்கு நிரப்பிவிடும். வேறுபாடு வேகத்தில்தான், அந்த வேகத்துக்கு உடம்பு விலை கொடுக்கிறது.

80 கிலோ வீச்சாளர் ஒருவர் லோடிங் செய்தால், அந்த வாரமே எடை ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட ஏறலாம். பெரும்பாலும் தசைக்குள் போன தண்ணீர்தான். ஆனால் வீசும்போது முன்கால் தரையில் அறையும் விசை உடல் எடையைப் போல ஐந்து மடங்கைத் தாண்டும். அந்தக் கூடுதல் எடையைக் கணுக்காலும் இடுப்பும் 108 முறை தாங்க வேண்டும். மெதுவாக எடுத்தால் எடையும் மெதுவாக ஏறும், ரன்னப்பும் அதற்குப் பழகிவிடும். அதனால் வீச்சாளருக்கு என் ஓட்டு மாத முறைக்கே, அதுவும் சீசனுக்கு முந்தைய ஜிம் காலத்தில். பலப்பயிற்சியில் கடைசி செட்டில் இன்னும் ஒன்றிரண்டு முறை தூக்க முடிகிறதே, உண்மையான லாபம் அங்கேதான்.

பேட்ஸ்மேனுக்கு இந்தக் கவலை குறைவு. மூன்று ரன் ஓடிவிட்டு அடுத்த பந்தையும் எதிர்கொள்பவருக்குக் கிரியேட்டின் உதவலாம். நாள் முழுக்கத் தடுத்தாடுபவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பேட்ஸ்மேன் லோடிங் செய்தாலும் பாதகமில்லை, ஆட்ட வாரத்தில் மட்டும் தொடங்கக் கூடாது. ஒரே வேளையில் பத்து கிராம், அதற்கு மேல் விழுங்கினால் வயிற்றுப்போக்கு வரலாம். வெயிலில் நிற்கும் நாளில் அது போதும், ஆட்டமே போய்விடும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தொடக்கச் சேமிப்பே குறைவு என்பதால் பலன் சற்றுக் கூடுதலாகத் தெரியும். வகையில் சாதாரண மோனோஹைட்ரேட்டே போதும். விலை கூடிய வகைகள் அதைவிட மேல் என்பதற்குச் சான்று இல்லை. கிரியேட்டின் தடைப் பட்டியலில் இல்லை, ஆனால் டப்பாவில் வேறு ஏதாவது கலந்திருந்தால் பொறுப்பு வீரருடையதுதான். ஊக்கமருந்துக் கலப்புக்காகத் தொகுதிவாரியாகப் பரிசோதித்ததையே வாங்குங்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டும்.