தாழ்ந்த ஹேட்ச்பேக்கா, உயரமான சின்னக் காரா?

பிள்ளைகள் வெளியூர் போனபின் ஏழு பேர் வண்டி எங்கள் இருவருக்கும் பெரிதாகிவிட்டது. பார்த்த இரண்டு சின்னக் கார்களும் 4 மீட்டருக்குள்தான். வித்தியாசம் இருக்கையின் உயரத்தில். தாழ்ந்த ஹேட்ச்பேக் வளைவில் அதிகம் சாயாது, வேகமாகப் போகும்போது காற்றின் தடையும் குறைவு. ஆனால் இறங்கும்போது என் மனைவி கதவுச் சட்டத்தைப் பிடித்து, முழங்காலை ஊன்றித்தான் எழுந்தார். உயரமான காரில் இருக்கை அவர் இடுப்புக்குச் சற்றே கீழே. பக்கவாட்டில் திரும்பினாலே பாதம் தரையில். பக்கக் காற்றில் கொஞ்சம் ஆடும், பரவாயில்லை என்று அதையே எடுத்தோம். ஷோரூமில் ஐந்து முறையாவது ஏறி இறங்கிப் பாருங்கள். முழங்கால் வலி முதல் தடவையில் தெரியாது. பின்னிருக்கை 60:40 ஆகப் பிரிந்து மடிகிறதா என்றும் பாருங்கள். மகள் பெட்டியோடு வந்தால் ஒரு பக்கம் பெட்டி, மறுபக்கம் அவள்.